Kc வழியில் ஒரு விடை, Kp வழியில் வேறு விடை: PCl5 கணக்கில் எங்கே தவறினேன்?

வில்லிவாக்கம் பையன் | ஞாயிறு, இரவு 9.20

எல்லோருக்கும் வணக்கம். பதினொன்றாம் வகுப்பு படிக்கிறேன், கூடவே ஜே.இ.இ.க்கும் தயார் செய்கிறேன். நேற்று சாயங்காலத்திலிருந்து ஒரே கணக்கில் மாட்டிக்கொண்டு நிற்கிறேன்.

கணக்கு இதுதான். 2 லிட்டர் கொள்கலத்தில் 0.1 மோல் PCl5 எடுத்து, மூடி, 523 கெல்வினுக்குச் சூடாக்குகிறார்கள். அது PCl3 ஆகவும் Cl2 ஆகவும் பிரிகிறது. அந்த வெப்பநிலையில் Kc = 0.0415. சமநிலையில் மூன்று வாயுக்களின் பகுதி அழுத்தம் என்ன?

முதலில் செறிவிலேயே போட்டேன். தொடக்கச் செறிவு 0.05. Kc சின்ன எண்ணாக இருப்பதால் 0.05 − x என்பதில் x-ஐ விட்டுவிட்டேன். வகுப்பில் அப்படித்தான் செய்வோம்.

```
x² / 0.05 = 0.0415
x = 0.0456
p(PCl3) = 0.0456 × 0.0821 × 523 = 1.96 atm
```

அப்புறம் சரிபார்க்கலாம் என்று Kp வழியிலும் போட்டேன். Δn = 2 − 1 = 1. Kp 1.78 வந்தது. இது சின்ன எண் இல்லை, அதனால் x-ஐ விடாமல் இருபடிச் சமன்பாடாகவே தீர்த்தேன்.

```
Kp = 0.0415 × 0.0821 × 523 = 1.78
P0 = 0.05 × 0.0821 × 523 = 2.147 atm
x² / (2.147 − x) = 1.78
x = 1.26 atm
```

ஒரே கொள்கலம், ஒரே வாயு. ஒரு வழியில் 1.96, இன்னொரு வழியில் 1.26. விடைப் பட்டியலில் 1.26 என்று இருக்கிறது. அப்படியென்றால் Kc-யை Kp ஆக மாற்றாமல் செறிவில் போட்டாலே தவறு வருமா? இல்லை, மாற்றும் இடத்தில் நான் எதையாவது விட்டுவிட்டேனா?

---

பெரம்பூர் லோகோ | ஞாயிறு, இரவு 9.41

தம்பி, R-ஐப் பாருங்கள். நிறையப் பேர் சறுக்கும் இடம் அதுதான். இப்போதெல்லாம் அழுத்தத்தை பாரில் எடுக்கவேண்டும், R = 0.0831 போடவேண்டும். 0.0821 பழைய அட்மாஸ்பியர் கணக்கு. 8.314 போட்டால் பாஸ்கலில் வரும். Kc லிட்டர் கணக்கில் இருக்கிறதா, அழுத்தம் எதில் கேட்டிருக்கிறார்கள் என்று பார்த்துவிட்டு R-ஐத் தேர்ந்தெடுத்தால் இரண்டு வழியும் ஒத்துப்போய்விடும்.

---

அடையாறு ஆய்வகம் | ஞாயிறு, இரவு 10.05

பகுதி அழுத்தம்தானே கேட்டிருக்கிறார்கள்? இதற்கு Kp எதற்கு? சமநிலையில் ஒவ்வொன்றின் மோல் பின்னத்தையும் கண்டுபிடித்து மொத்த அழுத்தத்தால் பெருக்கினால் முடிந்தது. நான் குழாய் உலையில் வேலை செய்கிறேன். வாயு ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் போகும், அழுத்தத்தை ஒரே அளவில் பிடித்து வைத்திருப்போம். தினமும் இப்படித்தான் கணக்கிடுகிறோம்.

உங்கள் மொத்த அழுத்தம் 2.147. PCl3-இன் மோல் பின்னம் சுமார் 0.37 வரும். பெருக்கினால் 0.79. எனக்கென்னவோ உங்கள் இரண்டு விடையுமே தவறு என்று தோன்றுகிறது.

---

குரோம்பேட்டை டீச்சர் | ஞாயிறு, இரவு 11.10

வில்லிவாக்கம் தம்பி, உங்கள் மாற்றத்தில் ஒரு தவறும் இல்லை. Δn சரி, R சரி, கெல்வினில் போட்டதும் சரி. தவறு முதல் வழியில், x-ஐ விட்ட அந்த ஒரு வரியில் இருக்கிறது. மாற்றியதால் விடை சரியாக வரவில்லை. இரண்டாவது வழியில் x-ஐ விடாததால்தான் சரியாக வந்தது.

நான் சொல்வதை நம்பவேண்டாம், நீங்களே சோதித்துப் பாருங்கள். முதல் வழியில் கிடைத்த எண்களை அப்படியே Kc கோவையில் திரும்பப் போடுங்கள். PCl3 0.0456, Cl2 0.0456, மீதி PCl5 0.0044.

```
0.0456 × 0.0456 / 0.0044 = 0.47
```

கணக்கில் கொடுத்தது 0.0415. உங்களுக்கு வருவது அதைப்போல பதினோரு மடங்கு. விடைப் பட்டியலைப் பார்க்காமலேயே இது தவறு என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். 0.05-இல் 0.0456 போய்விட்டது என்று எழுதிவிட்டு, x மிகச் சிறியது என்று எப்படிச் சொல்ல முடியும்?

இப்போது செறிவு வழியையே x-ஐ விடாமல் போடுவோம்.

```
x² + 0.0415x − 0.002075 = 0
x = (−0.0415 + √0.01002) / 2 = 0.0293

[PCl3] = [Cl2] = 0.0293
[PCl5] = 0.0207
```

RT-யின் மதிப்பு 0.0821 × 523 = 42.94. ஒவ்வொரு செறிவையும் இதால் பெருக்குங்கள். PCl3 1.26, Cl2 1.26, PCl5 0.89 அட்மாஸ்பியர். Kp வழியில் வந்ததும் இதுவே. திரும்பப் போட்டால் 1.258 × 1.258 / 0.889 = 1.78. சரியாக உட்கார்ந்துவிட்டது.

அடையாறு நண்பருக்கு: நீங்கள் சொல்லும் பெருக்கல் சரி, ஆனால் எந்த மொத்த அழுத்தம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. இங்கே கொள்கலம் மூடியது, கன அளவு மாறாது. ஒரு மூலக்கூறு உடைந்து இரண்டு ஆவதால் அழுத்தம் ஏறும். 2.147 என்பது எதுவும் உடையாமல் இருந்தால் இருக்கும் அழுத்தம். சமநிலையில் மொத்தம் 1.258 + 1.258 + 0.889 = 3.405. உங்கள் மோல் பின்னம் 0.3695-ஐ 3.405-ஆல் பெருக்குங்கள், 1.258 வந்துவிடும். உங்கள் 0.79-ஐ சோதித்தாலும் தெரியும்: PCl5 0.56 ஆகும், 0.79-இன் வர்க்கத்தை அதால் வகுத்தால் சுமார் 1.1. Kp 1.78 இருக்கவேண்டிய இடம் அது.

---

அடையாறு ஆய்வகம் | ஞாயிறு, இரவு 11.32

மேடம், புரிந்தது. மூடிய கொள்கலம் என்பதைக் கவனிக்காமல் எங்கள் உலையை மனதில் வைத்துப் பதில் எழுதிவிட்டேன். ஆனால் ஒரு சந்தேகம். அழுத்தத்தை 2.147-லேயே பிடித்து வைத்திருந்தால் என் 0.79 சரியாக இருந்திருக்குமா?

---

குரோம்பேட்டை டீச்சர் | ஞாயிறு, இரவு 11.45

அப்போதும் இராது. அழுத்தத்தைப் பிடித்து வைக்க இடத்தை விரியவிடவேண்டும். இடம் விரிந்தால் PCl5 இன்னும் கூடுதலாக உடையும். மூடிய கொள்கலத்தில் 58.6 சதவீதம் உடைந்தது, உங்கள் ஏற்பாட்டில் 67 சதவீதம் உடையும். PCl3 0.864, PCl5 0.419 என்று வரும். 0.864-இன் வர்க்கத்தை 0.419-ஆல் வகுத்துப் பாருங்கள், அதே 1.78. ஒரு ஏற்பாட்டின் மோல் பின்னத்தை எடுத்து இன்னொரு ஏற்பாட்டின் அழுத்தத்தோடு பெருக்கினால் இரண்டுக்கும் பொருந்தாத எண்தான் கிடைக்கும்.

---

வில்லிவாக்கம் பையன் | திங்கள், காலை 6.15

மேடம், மிக்க நன்றி. திரும்பப் போட்டுப் பார்க்கும் வழக்கம் எனக்கு இல்லை, இனி வைத்துக்கொள்கிறேன்.

ஆனால் ஒன்று இன்னும் உறுத்துகிறது. Kc 0.0415 என்றால் சின்னது. சின்ன K என்றால் வினை அதிகம் நடக்காது என்றுதானே படித்தோம்? பிறகு எப்படி பாதிக்கு மேல் உடைந்தது? அதே வினைக்கு Kp 1.78, அதைப் பார்த்தால் நிறைய உடையும் என்று தோன்றுகிறது. ஒரே வினை எப்படி இரண்டு விதமாகப் பேசும்?

---

குரோம்பேட்டை டீச்சர் | திங்கள், காலை 7.02

நல்ல கேள்வி. நான் பாடம் எடுத்த காலத்திலும் இதை வாய்விட்டுக் கேட்ட பிள்ளைகள் குறைவு.

நம் ஊரில் மனை விற்பவர் "அரை கிரவுண்ட்" என்பார். பத்திரத்தில் 1200 சதுர அடி என்று இருக்கும். அரை என்பது சின்ன எண், 1200 பெரிய எண், நிலம் ஒன்றே. அந்த மனையில் வீடு கட்டினால் எவ்வளவு இடம் மிஞ்சும் என்று பார்க்க 0.5-ஐயும் 1200-ஐயும் வெறுமனே பார்த்துப் பயனில்லை. வீட்டின் பரப்பை அதே அளவையில் எழுதி மனையோடு ஒப்பிடவேண்டும்.

இங்கேயும் அதே கதை. 523 கெல்வினில் ஒரு லிட்டரில் ஒரு மோல் வாயுவை அடைத்தால் அழுத்தம் கிட்டத்தட்ட 43 அட்மாஸ்பியர். அதாவது "லிட்டருக்கு ஒரு மோல்" என்பது வாயுவுக்கு மிகப் பெரிய அளவுகோல். அந்தப் பெரிய கோலால் அளந்தால் எல்லா எண்ணும் சின்னதாகத்தான் தெரியும். அட்மாஸ்பியர் சின்னக் கோல், அதால் அளந்தால் எண் பெரிதாகத் தெரியும். 0.0415-க்கும் 1.78-க்கும் நடுவில் இருப்பது அந்த 43 மட்டுமே. Kc கோவையில் மேலே இரண்டு செறிவு, கீழே ஒன்று. ஒவ்வொன்றும் 43 மடங்கு ஆகும்போது மேலே 43 × 43, கீழே 43. ஒரு 43 மிஞ்சுகிறது. நீங்கள் மனப்பாடம் செய்த Δn = 1 என்பது அந்த மிஞ்சிய ஒன்றுதான்.

அப்படியானால் எதைப் பார்த்து x-ஐ விடலாமா என்று முடிவு செய்வது? K-யைத் தொடக்க அளவால் வகுத்துப் பாருங்கள்.

```
Kc / தொடக்கச் செறிவு   = 0.0415 / 0.05  = 0.83
Kp / தொடக்க அழுத்தம்  = 1.782 / 2.147 = 0.83
```

இரண்டும் ஒரே விகிதம், ஏனென்றால் மேலும் கீழும் அதே 42.94-ஆல் பெருகுகிறது. இரண்டு வழியும் ஒரே பேச்சைத்தான் பேசுகின்றன. 0.83 என்பது ஒன்றுக்குப் பக்கத்தில் இருக்கிறது, x-ஐ விட இடமே இல்லை. நீங்கள் Kp வழியில் x-ஐ விட்டிருந்தாலும் √(1.78 × 2.147) = 1.96 என்று அதே தவறான விடைதான் வந்திருக்கும். போட்டுப் பாருங்கள்.

இந்த வகுத்தல் ஒன்று இரண்டாக உடையும் வினைக்குப் பொருந்தும். மேலே கீழே எண்ணிக்கை இதிலிருந்து வேறுபட்டால் தொடக்க அளவின் படியும் மாறும். அங்கே கண்ணை மூடிக்கொண்டு இதையே போடாதீர்கள்.

---

வில்லிவாக்கம் பையன் | திங்கள், காலை 7.20

Kp வழியில் x-ஐ விட்டுப் போட்டேன் மேடம். 1.956. அதே தவறு! இப்போதுதான் மனம் ஆறியது. பள்ளிக்குக் கிளம்புகிறேன்.

---

மணலி ஷிப்ட் | திங்கள், மதியம் 2.50

இரவு ஷிப்ட் முடிந்து தூங்கி எழுந்து இழையைப் பார்க்கிறேன். டீச்சர் சொன்னதற்கு மேல் ஒன்றே ஒன்று.

இந்த வினையில், இந்த வெப்பநிலையில், x-ஐ விடும் சுருக்குவழி எப்போதாவது செல்லுமா என்று போட்டுப் பார்த்தேன். வழக்கமாகச் சொல்லும் 5 சதவீத எல்லையை எடுத்துக்கொள்வோம். PCl5-இல் 5 சதவீதம் மட்டும் உடையவேண்டுமென்றால் தொடக்கச் செறிவு 0.0415 × 0.95 / 0.0025, அதாவது லிட்டருக்கு 15.8 மோல். ஒரு மோல் PCl5 208 கிராம். லிட்டருக்கு 3.3 கிலோ ஆகிறது. திட PCl5-இன் அடர்த்தியே கன சென்டிமீட்டருக்கு 2.1 கிராம்தான். திடப்பொருளை விட நெருக்கமாக ஒரு வாயுவை அடைக்கவேண்டும். நடக்காத காரியம். ஆக 523 கெல்வினில் PCl5-க்கு அந்தச் சுருக்குவழியை யார் போட்டாலும் தவறு.

இன்னொன்று, Kc-யை Kp ஆக மாற்றும் சமன்பாடே p = cRT என்ற நல்லியல்பு வாயு விதியின் மேல் நிற்கிறது. 3.4 அட்மாஸ்பியரில் கவலைப்பட ஒன்றுமில்லை. அழுத்தம் நூற்றுக்கணக்கில் போகும் இடத்தில் கதை வேறு. அம்மோனியா தயாரிப்பில் பாதி நைட்ரஜன், ஒன்றரை ஹைட்ரஜன், ஒரு அம்மோனியா என்று எழுதினால் 450 டிகிரி செல்சியஸில் அளந்த Kp 10 அட்மாஸ்பியரில் சுமார் 0.0066, 300 அட்மாஸ்பியரில் சுமார் 0.0088. மாறிலி என்று பெயர், ஆனால் பகுதி அழுத்தத்தை அப்படியே போட்டால் மாறுகிறது. உண்மை வாயு அதன் அழுத்தம் சொல்லும் அளவுக்கு நடந்துகொள்வதில்லை, அதற்குத் திருத்தம் போட்டுத்தான் ஆலையில் கணக்கு ஓடுகிறது. தேர்வுக்கு இது வேண்டாம், ஆனால் தெரிந்திருப்பது நல்லது.

---

பெரம்பூர் லோகோ | திங்கள், மாலை 6.30

x விஷயம் ஒப்புக்கொள்கிறேன், நான் அதைப் பார்க்கவே இல்லை. ஆனால் R பற்றி நான் சொன்னது தவறில்லையே? 0.0831 போட்டால் Kp 1.80 வருகிறது, 0.0821 போட்டால் 1.78.

---

குரோம்பேட்டை டீச்சர் | திங்கள், மாலை 7.15

அது சரிதான். பாரில் Kp 1.80, PCl3 1.27 பார். அட்மாஸ்பியரில் 1.78, 1.26. இரண்டும் ஒரே அழுத்தம், அளவுகோல்தான் 1.3 சதவீதம் வேறு. தம்பியின் 1.96-க்கும் 1.26-க்கும் இருந்த இடைவெளியை இந்த 1.3 சதவீதத்தால் விளக்க முடியாது. அதனால்தான் நேற்று R பக்கம் போகவில்லை.

ஆனால் 8.314 போட்டால் பாஸ்கல் என்று எழுதியிருந்தீர்கள், அதைத் திருத்தவேண்டும். செறிவை லிட்டருக்கு மோல் என்றே வைத்துக்கொண்டு 8.314 போட்டால் கிடைப்பது கிலோபாஸ்கல். 0.0293 × 8.314 × 523 = 127. இது 127 கிலோபாஸ்கல், அதாவது 1.27 பார். 127 பாஸ்கல் என்று எழுதினால் கிட்டத்தட்ட வெற்றிடம். பாஸ்கலே வேண்டுமென்றால் செறிவைக் கன மீட்டருக்கு மாற்றவேண்டும், ஆயிரத்தால் பெருக்கவேண்டும். நம்மைச் சுற்றியிருக்கும் காற்று 101 கிலோபாஸ்கல் என்பதை மனதில் வைத்திருந்தால் இந்தத் தவறு எழுதும்போதே கண்ணில் பட்டுவிடும்.

---

பெரம்பூர் லோகோ | திங்கள், இரவு 8.02

ஆமாம், ஆயிரத்தை விட்டுவிட்டேன். திருத்திக்கொள்கிறேன்.

அப்படியே இன்னொன்றும் கேட்டுவிடுகிறேன். Kp-க்கு அலகு எழுதவேண்டுமா, வேண்டாமா? என் தங்கைக்கு "1.78 அட்மாஸ்பியர்" என்று சொல்லிக்கொடுத்தேன், அவள் வகுப்பில் அலகே கிடையாது என்றார்களாம்.

---

மணலி ஷிப்ட் | திங்கள், இரவு 8.40

வெப்ப இயக்கவியல்படி அலகு கிடையாது. ஒவ்வொரு அழுத்தத்தையும் 1 பார் என்ற திட்ட அழுத்தத்தால் வகுத்த பிறகுதான் கோவையில் போடுகிறோம். 1982-இல் திட்ட அழுத்தத்தை 1 அட்மாஸ்பியரிலிருந்து 1 பாருக்கு மாற்றப் பரிந்துரைத்தார்கள். அதனால்தான் பழைய புத்தகங்களில் 1.78 மாதிரியும் புதியவற்றில் 1.80 மாதிரியும் எண்கள் கிடக்கின்றன. அலகு இல்லை என்பதற்காக எந்த அழுத்த அலகையும் போடலாம் என்று ஆகிவிடாது.

---

குரோம்பேட்டை டீச்சர் | திங்கள், இரவு 9.05

மணலி நண்பர் சொல்வது கொள்கைப்படி சரி. இருந்தாலும் நான் பிள்ளைகளை அலகு எழுதத்தான் சொல்வேன். Δn = 1 என்றால் அட்மாஸ்பியர், Δn = 2 என்றால் அட்மாஸ்பியர் வர்க்கம் என்று எழுதும் பிள்ளை தன் Δn-ஐ இரண்டாம் முறை சரிபார்க்கிறது. அலகு எழுதாத பிள்ளைக்கு அந்த வாய்ப்பு இல்லை. விடைத்தாள் திருத்துபவர் எதை எதிர்பார்க்கிறார் என்பதை அவரவர் ஆசிரியரிடம் கேட்டுக்கொள்வதே நல்லது. இதில் நானும் மணலி நண்பரும் ஒத்துப்போகப் போவதில்லை.

---

கடைசி பெஞ்ச் அம்பத்தூர் | செவ்வாய், மாலை 5.10

நானும் அதே வகுப்புதான். Kp = Kc × RT என்பதால், 573 கெல்வினில் Kp வேண்டுமென்றால் T-யை மட்டும் மாற்றி 0.0415 × 0.0821 × 573 = 1.95 என்று போடலாம் இல்லையா? எங்கள் டியூஷன் தாளில் இப்படி ஒரு கணக்கு இருந்தது, நான் இதைத்தான் எழுதினேன்.

---

குரோம்பேட்டை டீச்சர் | செவ்வாய், மாலை 6.25

போடக்கூடாது. 0.0415 என்பது 523 கெல்வினில் எடுத்த Kc. வெப்பநிலை மாறினால் Kc-யே மாறிவிடும். PCl5 உடைவது வெப்பத்தை உறிஞ்சும் வினை, சூடு ஏறினால் Kc நன்றாகவே ஏறும். நீங்கள் போட்டதில் அளவுகோல் மாறியதற்கான சின்ன ஏற்றம் மட்டும் இருக்கிறது, வினை மாறியதற்கான பெரிய ஏற்றம் இல்லை. RT-யில் போடும் T எப்போதும் அந்த Kc எந்த வெப்பநிலைக்குக் கொடுக்கப்பட்டதோ அதுவாகவே இருக்கவேண்டும். 573-க்கு வேண்டுமென்றால் 573-இன் Kc-யைக் கொடுத்திருக்கவேண்டும், அல்லது வினை வெப்பத்தைக் கொடுத்திருக்கவேண்டும். தாளில் ஏதாவது ஒன்று இருந்திருக்கும், பாருங்கள்.

---

கடைசி பெஞ்ச் அம்பத்தூர் | செவ்வாய், மாலை 6.50

கேள்வியின் கடைசி வரியில் வினை வெப்பம் கொடுத்திருக்கிறார்கள். நான் படிக்கவே இல்லை.

---

அடையாறு ஆய்வகம் | செவ்வாய், இரவு 10.20

வெப்பநிலை பற்றிப் பேசுவதால் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. கல்லூரியில் எங்கள் ஆய்வகத்தில் NO2 அடைத்து உருக்கி மூடிய இரண்டு கண்ணாடிக் குழாய்கள் இருந்தன. ஒன்றைப் பனிக்கட்டி போட்ட பீக்கரில் வைத்தால் சில நிமிடத்தில் பழுப்பு வெளுத்து, பழைய காகிதத்தின் மஞ்சளுக்கு வந்துவிடும். இன்னொன்றை வெந்நீரில் வைத்தால் கெட்டி டிக்காஷன் நிறம் ஏறும். மே மாதத்தில் மின்விசிறியும் நின்றுபோன ஒரு மதியம், மேசையில் சும்மா கிடந்த குழாயே ஜனவரியில் பார்த்ததைவிடக் கருத்திருந்தது. K மாறுவதைக் கண்ணால் பார்த்தது அன்றுதான்.

அந்தக் குழாயில் நடப்பது, N2O4 இரண்டு NO2 ஆகப் பிரியும் வினை. அதற்குக் கணக்குப் போடும்போது ஒரு குழப்பம் வந்தது, இன்றுவரை தீரவில்லை. ஒரு பாடப்புத்தகத்தில் 25 டிகிரியில் Kc 4.63 × 10⁻³. அதை மாற்றினால் Kp 0.113. ஆனால் ஆற்றல் அட்டவணையிலிருந்து கணக்கிட்டால் 0.15 பக்கம் வருகிறது. பார், அட்மாஸ்பியர் வித்தியாசம் இவ்வளவு தராது. R-ஐயும் T-யையும் பலமுறை சரிபார்த்துவிட்டேன்.

---

மணலி ஷிப்ட் | புதன், அதிகாலை 5.30

மாற்றும் முறையில் தவறு இல்லை, மூல எண்களே வேறு. ஆற்றல் அட்டவணையில் ஒரு கிலோஜூல் இப்படி அப்படி இருந்தாலே 25 டிகிரியில் K ஒன்றரை மடங்கு மாறும், ஏனென்றால் அந்த ஆற்றல் அடுக்கில் உட்கார்ந்திருக்கிறது. இரண்டில் எது உண்மைக்கு நெருக்கம் என்று முடிவு செய்ய மூல அளவீடுகளைப் பார்க்கவேண்டும். ஒரே கணக்குக்குள் இரண்டு மூலங்களைக் கலக்காமல் இருந்தால் போதும் என்பதே என் வழக்கம்.

---

அடையாறு ஆய்வகம் | புதன், காலை 9.15

ஒரு கிலோஜூலுக்கு ஒன்றரை மடங்கு என்பது புரிகிறது. ஆனால் பாடப்புத்தகத்தின் 4.63 எந்த அளவீட்டிலிருந்து வந்தது என்று யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்கள். குழாயின் நிறத்தை அளந்தா, வாயுவின் அடர்த்தியை அளந்தா?

---

வில்லிவாக்கம் பையன் | புதன், இரவு 9.30

நானே ஒரு கணக்கு மாற்றிப் போட்டேன், சரிதானா என்று பாருங்கள். அதே 0.1 மோல், அதே 523 கெல்வின், கொள்கலம் மட்டும் 20 லிட்டர். தொடக்கச் செறிவு 0.005, தொடக்க அழுத்தம் 0.2147.

முதலில் விகிதம் பார்த்தேன். 0.0415 / 0.005 = 8.3. x-ஐ விடவே கூடாது என்று தெரிந்தது. விட்டால் என்ன ஆகும் என்றும் பார்த்தேன். x = 0.0144. இருப்பதே 0.005, அதிலிருந்து 0.0144 உடைகிறது, PCl5-க்கு எதிர்மறை அழுத்தம்! ஞாயிறு அன்று இந்தக் கணக்கு வந்திருந்தால் அப்போதே விழித்திருப்பேன்.

```
x² + 0.0415x − 0.0002075 = 0
x = 0.00451

p(PCl3) = p(Cl2) = 0.194 atm
p(PCl5) = 0.0210 atm

0.194 × 0.194 / 0.0210 = 1.79
```

90 சதவீதம் உடைந்துவிட்டது. 1.78-க்குப் பதில் 1.79 வருவது நான் மூன்று இலக்கத்தில் நிறுத்தியதால்தான் என்று நினைக்கிறேன்.

---

குரோம்பேட்டை டீச்சர் | புதன், இரவு 9.48

அதனால்தான். 0.1937, 0.02105 என்று வைத்துப் போடுங்கள், 1.78 வரும். இடையில் எண்களைச் சுருக்காமல் கடைசியில் மட்டும் சுருக்குங்கள்.